அதிர்வு எத்தனை மடங்கு பெருகும்?

ஸ்பிரிங்கில் தொங்கும் ஓர் எடையைத் தள்ளுகிறோம். தள்ளும் விசை உள்ளீடு. எடை நகரும் தூரம் வெளியீடு. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி, காலம் முழுவதும் கூட்டினால் கிடைப்பதே அதன் 'ஆற்றல்'. எந்த உள்ளீட்டைக் கொடுத்தாலும் வெளியீட்டின் ஆற்றல் அதிகபட்சம் எத்தனை மடங்காகும்? அந்த உச்ச விகிதத்தின் வர்க்கமூலமே முடிவிலி நெறிமம்.

எல்லா உள்ளீடுகளையும் சோதிக்க வேண்டியதில்லை. நிலையான அமைப்பில், அதிர்வெண் வாரியான பெருக்கத்தின் உச்சமே விடை. G(s) = 1/(s² + 0.2s + 1) என்று கொள்வோம். மெதுவாகத் தள்ளினால் பெருக்கம் 1. பெருக்கத்தின் வர்க்கம் 1/((1−ω²)² + 0.04ω²). இதன் பகுதி ω² = 0.98 என்னும்போது மிகச் சிறிதாகி, 0.0396 ஆகிறது. ஆகவே நெறிமம் சுமார் 5.03; ஆற்றல் சுமார் 25 மடங்கு. அந்த அதிர்வெண்ணிலேயே நெடுநேரம் ஆட்டினால் விகிதம் இதை நெருங்கும், தாண்டாது.

கணினியில் 0.8, 1.2 ஆகிய அதிர்வெண்களை மட்டும் பார்த்தால் பெரிய மதிப்பு 2.54தான், உச்சம் நழுவிவிடும். தணிப்பு குறைந்த அமைப்பில் உச்சம் ஊசிபோல் இருக்கும். அதைச் சுற்றி நெருக்கமாகப் பார்த்த பிறகே விடையை நம்புங்கள்.