‘லெங்’ என்றால் குளிர். அதிகக் குளிருக்கும் ‘லெங்’தான்

குளிர்காலம் வந்தால் சீனாவில் வடக்கத்திக்காரர்களுக்கும் தெற்கத்திக்காரர்களுக்கும் ஒரு வழக்கு ஆரம்பமாகும். எந்த ஊரில் குளிர் அதிகம், பெய்ஜிங்கிலா ஷாங்ஹாயிலா? இதைக் கேட்டுக்கொண்டிருந்தாலே மாண்டரின் சீனத்தில் இரண்டு பொருள்களை எப்படி ஒப்பிடுவது என்பது புரிந்துவிடும்.

சீனத்தில் குளிருக்கு ‘லெங்’. ஆங்கிலம் படித்தபோது ‘கோல்ட்’, ‘கோல்டர்’, ‘கோல்டஸ்ட்’ என்று மூன்று படி ஏறினோம். சீனத்தில் அந்தப் படிகள் இல்லை. சொல் அப்படியே நிற்கும். சுற்றியிருப்பவைதான் வேலை செய்யும். நமக்கு இது புதிதல்ல. ‘அண்ணன் உயரம்’, ‘அண்ணன் தம்பியை விட உயரம்’ என்கிறோம். இரண்டிலும் ‘உயரம்’ உயரமாகவே இருக்கிறது.

முதல் சொல் ‘பி’. தனியாக நின்றால் ஒப்பிடுவது என்று பொருள். இதன் எழுத்து, இரண்டு ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படத்திலிருந்து வந்தது. ‘பெய்ஜிங் பி ஷாங்ஹாய் லெங்’ என்றால், பெய்ஜிங் ஷாங்ஹாயை விடக் குளிர். சொற்களின் வரிசை தமிழில் உள்ளதுபோலவே இருப்பதைக் கவனியுங்கள்: முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர், பிறகு யாரோடு ஒப்பிடுகிறோமோ அவர், கடைசியில் குணம். நாம் ‘ஐ விட’ என்பதை ஷாங்ஹாய்க்குப் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் ‘பி’யை முன்னால் வைக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். ஆங்கில வழியாகச் சீனம் படிப்பவர்கள் ‘லெங்’கைத் தூக்கி நடுவில் போட்டுத் தடுமாறுவார்கள். தமிழில் யோசித்தால் அந்தத் தடுமாற்றம் வராது.

ஆனால் தமிழில் யோசிப்பதால் வரும் தடுமாற்றம் வேறு. ‘பெய்ஜிங் ஷாங்ஹாயை விட ரொம்பக் குளிர்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். சீனத்தில் ரொம்பவுக்கு ‘ஹென்’ என்று பாடப்புத்தகம் சொல்லியிருக்கும். உடனே ‘பெய்ஜிங் பி ஷாங்ஹாய் ஹென் லெங்’ என்று வாய் போய்விடும். தவறு.

ஏன் என்று பார்த்தால் இந்த மொழியின் உள்வேலை ஒன்று தெரிகிறது. ‘பெய்ஜிங் லெங்’ என்று வெறுமனே சொன்னால் சீனர் காதில் அது ‘பெய்ஜிங்தான் குளிர்’ என்று விழும். வேறு ஏதோ ஊர் மனதில் இருப்பதுபோல, எந்த ஊர் குளிர் என்று யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல இருக்கும். நம் ‘தான்’ செய்கிற வேலையை அங்கே வெறும் சொல்லே செய்துவிடுகிறது. ஒப்பிடாமல் ‘பெய்ஜிங்கில் குளிர்’ என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘பெய்ஜிங் ஹென் லெங்’ என்பார்கள். அழுத்திச் சொன்னாலொழிய அந்த ‘ஹென்’னில் ரொம்ப என்ற கனம் பெரிதாக இருப்பதில்லை, இது ஒப்பீடு அல்ல என்று காட்டுவதே அதன் முக்கிய வேலை. ஒப்பிடவே வந்திருக்கும் ‘பி’ வாக்கியத்தில் அதற்கு எப்படி இடம் கிடைக்கும்?

அப்படியானால் ரொம்பவை எங்கே வைப்பது? குணத்துக்குப் பின்னால். ‘பெய்ஜிங் பி ஷாங்ஹாய் லெங் துவோ ல’ என்றால் எவ்வளவோ அதிகக் குளிர். கணக்காகச் சொல்வதானாலும் அதே இடம்தான். ஜனவரி சராசரியை எடுத்துக்கொண்டால் பெய்ஜிங் சுழியத்துக்குக் கீழே சுமார் 3 டிகிரி, ஷாங்ஹாய் சுழியத்துக்கு மேலே சுமார் 5. அதைச் சீனர் ‘பெய்ஜிங் பி ஷாங்ஹாய் லெங் சி பா தூ’ என்பார். சி என்றால் ஏழு, பா எட்டு, தூ டிகிரி. நம் ‘ஏழெட்டு டிகிரி’ அப்படியே அங்கேயும் இருக்கிறது! நாம் அளவை முன்னால் சொல்லிவிட்டுக் குளிருக்கு வருகிறோம். அவர்கள் குளிரைச் சொல்லிவிட்டு அளவைச் சொல்கிறார்கள். குணத்துக்கு முன்னால் வர அனுமதி உள்ள சொல் ‘கெங்’, அதாவது ‘இன்னும்’. பெய்ஜிங்கே குளிர், ஹார்பின் அதைவிட இன்னும் குளிர் என்பதற்கு ‘ஹார்பின் பி பெய்ஜிங் கெங் லெங்’.

இரண்டு ஊரும் ஒன்றுபோல இருந்தால் ‘கென்’. இதற்கு ‘உடன்’, ‘ஓடு’ என்று பொருள். பெய்ஜிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் தியான்ஜினில் குளிர்காலம் ஏறக்குறைய அதேதான். ‘தியான்ஜின் கென் பெய்ஜிங் ஈயாங் லெங்’. இதில் ‘ஈ’ ஒன்று, ‘யாங்’ மாதிரி. ‘பெய்ஜிங்கோடு ஒரே மாதிரி குளிர்’ என்று சொல்லுக்குச் சொல் பிரிக்கலாம். ‘ஈயாங்’ இந்த வாக்கியத்தின் தூண். அதை விட்டுவிட்டு ‘கென்’னை மட்டும் வைத்தால் தியான்ஜினும் பெய்ஜிங்கும் குளிர் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும், ஒப்பீடு போய்விடும்.

குறைவைச் சொல்ல ‘மெய்யோ’. பொருள் ‘இல்லை’. ‘ஷாங்ஹாய் மெய்யோ பெய்ஜிங் நாம லெங்.’ ‘நாம’ என்பது ‘அவ்வளவு’. ஷாங்ஹாயில் பெய்ஜிங் அளவுக்கு அவ்வளவு குளிர் இல்லை. நம் வாக்கியத்தில் கடைசியில் வரும் ‘இல்லை’ அங்கே நடுவில் வந்துவிட்டது, வேறொன்றுமில்லை. இங்கேயும் தமிழ் நாக்கு ஒருமுறை சறுக்கும். ‘பெய்ஜிங்கை விட ஷாங்ஹாய் குளிர் இல்லை’ என்று நாம் சொல்வதை ‘பி’யில் போட்டு, ‘லெங்’குக்கு முன்னால் மறுப்புச் சொல்லான ‘பு’வைச் சேர்க்கத் தோன்றும். அந்த வாக்கியம் சீனத்தில் நிற்காது. குறைவு என்றால் ‘மெய்யோ’வுக்குப் போய்விட வேண்டும்.

‘பு’வை ‘பி’க்கு முன்னால் வைத்தால் வாக்கியம் நிற்கும், ஆனால் பொருள் வேறு. ‘ஷாங்ஹாய் பு பி பெய்ஜிங் லெங்’ என்றால் ‘ஷாங்ஹாய் ஒன்றும் பெய்ஜிங்கை விடக் குளிர் அல்ல’. எதிராளி சொன்னதை வெட்டுகிற பேச்சு இது. இரண்டும் சமமாகக்கூட இருக்கலாம். ‘மெய்யோ’ குறைவென்று தீர்ப்பே சொல்லிவிடும். ‘பு பி’ எதிர்க்கட்சியின் வாதத்தைத் தள்ளுபடி செய்வதோடு நிறுத்திக்கொள்ளும்.

வழக்குக்கு வருவோம். வெப்பமானியைக் கேட்டால் ‘பெய்ஜிங் பி ஷாங்ஹாய் லெங்’ என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் பெய்ஜிங்கில் வழக்கமாக நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை வீடுகளுக்கு நகரமே குழாய் வழியாக வெப்பம் அனுப்புகிறது. சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் தெற்கே அந்த ஏற்பாடு பொதுவாகக் கிடையாது. ஷாங்ஹாய் தெற்கே இருக்கிறது. அதனால் ஜனவரியில் ஷாங்ஹாய்க்கு வரும் பெய்ஜிங்காரர், வீட்டுக்குள்ளேயே மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டு சொல்வார்: ‘ஷாங்ஹாய் பி பெய்ஜிங் லெங்!’ எந்தச் சொல்லும் மாறவில்லை. இரண்டு ஊர்கள் இடம் மாறி உட்கார்ந்தன, தீர்ப்பு தலைகீழாகிவிட்டது. ‘லெங்’ மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.