கர்ப்பப்பைக்குள் நான்கு சொற்கள்

ஹைப்பர்பிளேசியா, மெட்டாபிளேசியா, அட்ரோஃபி, டிஸ்பிளேசியா. நான்கையும் விளக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு திசுவைச் சொல் என்பது பத்தாலஜி தேர்வில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. விடைகளும் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். வயதானவரின் புராஸ்டேட் வீக்கம், புகைபிடிப்பவரின் மூச்சுக்குழல், மாவுக்கட்டுக்குள் மெலிந்துபோன கால், கர்ப்பப்பை வாய் என்று உடம்பின் நாலு மூலையிலிருந்து நாலு உறுப்புகளை எழுதி வைப்பார்கள். அது தவறில்லை. ஆனால் இப்படி மனப்பாடம் செய்தவரிடம், உறுப்பின் பெயரைச் சொல்லாமல் நோயாளியின் கதையை மட்டும் கொடுத்தால் தடுமாறிவிடுகிறார். அதனால்தான் எனக்கு இந்தப் பாடத்தை ஒரே உறுப்பை வைத்துச் சொல்லப் பிடிக்கும். கர்ப்பப்பைக்குள் நான்குமே இருக்கின்றன.

முதலில் ஒரு கேள்வி. வயது 54, உடல் பருமன் உள்ள பெண். மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிறது. இப்போது மீண்டும் ரத்தப்போக்கு. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்வரி 14 மில்லிமீட்டர். அதிலிருந்து எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சுரப்பிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, அவற்றுக்கு இடையே இருக்க வேண்டிய இணைப்புத்திசு குறைந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு செல்லும் தனியாகப் பார்த்தால் இயல்பாகவே இருக்கிறது.

இது ஹைப்பர்பிளேசியா. செல்கள் எண்ணிக்கையில் பெருகியிருக்கின்றன, குணம் மாறவில்லை. காரணத்தைக் கேள்வியே சொல்லிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் உள்வரியை வளரச் சொல்லும், புரோஜெஸ்டிரோன் போதும் என்று நிறுத்தும். மாதவிலக்கு நின்றபின் சினைப்பை இரண்டையுமே தருவதில்லை. ஆனால் உடலின் கொழுப்புத்திசு, வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். வளரச் சொல்லும் குரல் மட்டும் கேட்கிறது, நிறுத்தச் சொல்ல ஆளில்லை. புரோஜெஸ்டிரோன் வகை மருந்து கொடுத்தால் உள்வரி பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தூண்டுதல் போனால் வளர்ச்சியும் அடங்கும் என்பதுதான் ஹைப்பர்பிளேசியாவைப் புற்றுநோயிலிருந்து பிரிக்கும் கோடு. அதே அறிக்கையில் செல்களின் உட்கருவும் உருமாறியிருக்கிறது என்று ஒரு வரி கூடிவிட்டால் கதை வேறு. அது புற்றுநோய்க்கு வெகு அருகில் இருக்கும் நிலை. கர்ப்பப்பையையே எடுத்துவிடலாமா என்ற பேச்சு அங்கே தொடங்கும்.

இதே ரத்தப்போக்கோடு 65 வயதுப் பெண் ஒருவர் வருகிறார், உள்வரி 3 மில்லிமீட்டர்தான் என்றால் விடை அட்ரோஃபி. ஈஸ்ட்ரோஜன் அடங்கிவிட்டதால் செல்கள் சிறுத்து, எண்ணிக்கையிலும் குறைந்து, உள்வரி காகிதம் போல ஆகிவிட்டது. இந்த மெலிந்த பரப்புக்கு அடியிலுள்ள சிறு ரத்தக்குழாய்கள் எளிதில் கசியும். பெருத்தாலும் ரத்தம், மெலிந்தாலும் ரத்தம். மாதவிலக்கு நின்றபின் வரும் ரத்தப்போக்குக்கு அட்ரோஃபிதான் அதிகம் காணப்படும் காரணம். ஆனால் சோதிக்காமல் அப்படி முடிவுகட்டக் கூடாது.

இதற்கு நடுவே தேர்வாளர்கள் கர்ப்பிணியின் கர்ப்பப்பையை நுழைத்துவிடுவார்கள். சாதாரணமாக 60, 70 கிராம் இருக்கும் உறுப்பு பிரசவ நேரத்தில் ஒரு கிலோவைத் தொடுகிறது. ஹைப்பர்பிளேசியா என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான். தசைச்செல்கள் பெருகவும் செய்கின்றன, ஒவ்வொன்றும் பருக்கவும் செய்கிறது. பருப்பதற்குப் பெயர் ஹைப்பர்ட்ரோஃபி. முதிர்ந்த இதயத்தசையால் பருக்க மட்டுமே முடியும், பெருக முடியாது. கர்ப்பப்பைக்கு இரண்டும் முடியும்.

இனி கர்ப்பப்பை வாய். அதன் வெளிப்பக்கத்தைத் தட்டையான செல்கள் பல அடுக்காக மூடியிருக்கும். உள்கால்வாயில் சளி சுரக்கும் உயரமான செல்கள் ஒரே வரிசையில் நிற்கும். பூப்பெய்தும் வயதிலும் கர்ப்ப காலத்திலும் வாய் கொஞ்சம் வெளிப்பக்கமாகப் பிதுங்கும். இதுவரை உள்ளே பத்திரமாக இருந்த சளிச்செல்கள் யோனியின் அமிலத்துக்கு நேராக வந்து நிற்கின்றன. அந்த மென்மையான வரிசைக்கு அது தாங்காது. அந்த இடத்தில் மெல்ல மெல்லத் தட்டையான பல அடுக்கு வந்துவிடுகிறது. இதுதான் மெட்டாபிளேசியா. முதிர்ந்த ஒரு வகைச் செல் இருந்த இடத்தில் முதிர்ந்த இன்னொரு வகை. புகைபிடிப்பவரின் மூச்சுக்குழலிலும் இதே மாற்றம்தான். ஆனால் அங்கே அது நோயின் அறிகுறி, இங்கே ஆரோக்கியமான பெண்களுக்கும் நடப்பது.

விடைத்தாள்களில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை இங்கேதான் வரும்: “உயரமான செல்கள் தட்டையான செல்களாக மாறுகின்றன.” மாறுவதில்லை. முதிர்ந்த செல் தன் வேலையை முடித்து உதிர்ந்துவிடும். அதன் அடியில் இருக்கும் இருப்புச்செல்கள்தான் அடுத்த தலைமுறையை வேறு வகையாக வளர்க்கின்றன. தாத்தா தொழிலை மாற்றிக்கொள்ளவில்லை, பேரன் வேறு தொழிலுக்குப் போய்விட்டான்.

இந்த மாற்றம் நடக்கும் வளையத்தில்தான் எச்.பி.வி. வைரஸ் காலூன்றுகிறது, நான்காவது சொல்லும் அங்கே வருகிறது. டிஸ்பிளேசியாவை மற்ற மூன்றோடு உடன்பிறப்பாகச் சேர்ப்பதே எனக்கு ஒப்பவில்லை. மற்றவை சூழலுக்கு ஏற்பச் செல் ஒழுங்காக மாறிக்கொள்வது. டிஸ்பிளேசியா அந்த ஒழுங்கே குலைவது. இயல்பான பரப்பில் அடி அடுக்குச் செல்தான் பிரியும், மேலே போகப் போக முதிர்ந்து தட்டையாகும். டிஸ்பிளேசியாவில் உட்கரு பெருத்துக் கறுத்து, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல், மேல் அடுக்குகளிலும் செல்கள் பிரிந்துகொண்டிருக்கும். இந்தக் குழப்பம் அடியிலுள்ள மூன்றில் ஒரு பங்கோடு நின்றால் முதல் தரம், மூன்றில் இரண்டு வரை ஏறினால் இரண்டாம் தரம், அதற்கும் மேலே போனால் மூன்றாம் தரம். எந்தத் தரமானாலும் அடிச்சவ்வு கிழியாமல் இருக்க வேண்டும். கிழித்துக் கீழே இறங்கிவிட்டால் அதற்குப் பெயர் புற்றுநோய். முதல் தரத்தில் பெரும்பாலானவை தாமாகவே மறைந்துவிடுவதால் மருத்துவர்கள் காத்திருந்து பார்ப்பார்கள். மூன்றாம் தரத்தை வெட்டி எடுப்பார்கள்.

மெட்டாபிளேசியாவையும் டிஸ்பிளேசியாவையும் பிரித்தறியும் வேலை தேர்வறையோடு முடிவதில்லை. 2000-இல் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெறும் கண்ணால் பார்த்தார்கள். காடியில் இருக்கிறதே, அதே அமிலம்தான். 2007-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. சோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் நேர்ந்த மரணம், நடக்காத ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்திருந்தது.

உட்கரு பெருத்த செல்கள் நெருக்கமாக இருக்குமிடம் அமிலம் பட்டதும் வெளுக்கும். சிக்கல் என்னவென்றால், இன்னும் முதிராத மெட்டாபிளேசியாவும் வெளுக்கும். அந்த வெண்மை மெல்லியதாக, ஓரம் எங்கே என்று தெரியாமல், சீக்கிரம் மங்கிப்போகும். டிஸ்பிளேசியாவின் வெண்மை சுண்ணாம்பு பூசியதுபோல் அடர்த்தியாக, கரை தெளிவாக, இரண்டு வகைச் செல்களும் சந்திக்கும் கோட்டை ஒட்டி நின்று, கலையத் தாமதிக்கும். டார்ச் வெளிச்சத்தில், ஓரிரு நிமிடத்துக்குள், செவிலியர் அதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். சந்தேகமாக இருந்தால் அங்கிருந்து ஒரு துளி சதை கிள்ளி எடுக்கப்பட்டு மைக்ராஸ்கோப்புக்குப் போகும்.