ஒட்டிக்கொள்ளும் வால்வு

ஓர் ஆலைக் குழாயில் நிமிடத்துக்கு 20 லிட்டர் நீர் ஓட வேண்டும், ஓடுவதோ 18. குறை நீடிக்கும்வரை கட்டுப்படுத்திக் கருவி, வால்வுக்கு அனுப்பும் கட்டளையைச் சீராக உயர்த்துகிறது. அது 40 விழுக்காட்டிலிருந்து 43க்கு ஏறியும், உராய்வால் ஒட்டிய வால்வு அசையவில்லை. பிறகு திடீரெனத் தாவுகிறது. ஓட்டம் 22 ஆகிறது. இப்போது கட்டளை இறங்குகிறது; மீண்டும் ஒட்டல், மீண்டும் தாவல். ஊசலாட்டம் ஓய்வதில்லை.

பதிவான வரைபடத்தில் கட்டளைக் கோடு முக்கோணங்களாகவும், ஓட்டக் கோடு சதுரப் படிகளாகவும் தெரிந்தால் வால்வைச் சந்தேகிக்கலாம். கருவியின் அமைப்பில் தவறு என்றால், இரண்டும் பெரும்பாலும் வழவழப்பான அலைகளாக இருக்கும்.

அடுத்து, கட்டளையை ஒரே அளவில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அப்போதும் ஊசலாட்டம் தொடர்ந்தால், அது வேறிடத்திலிருந்து வருகிறது. நின்றுவிட்டால், வால்வைக் கழற்றிப் பார்க்கலாம்.