சலூன் கல்லாவில் ஐம்பது ரூபாய் வித்தியாசம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எந்த ஊர் சலூனிலும் பெஞ்சில் இடம் இருக்காது. ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, “ஜிபே பண்ணிட்டேண்ணே” என்று போனை நீட்டுவார். கடைக்காரரின் ஒரு கையில் கத்திரி, இன்னொரு கையில் சீப்பு. அடுத்தவரின் தலையை நனைத்தாயிற்று. தன் போனை எடுத்து, பணம் ஏறியதா என்று பார்க்க அவருக்குக் கை ஒழியாது. அலமாரியில் எண்ணெய் பாட்டில்களுக்கு நடுவே ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான். வாங்கிய தொகையை அது சத்தமாகச் சொல்லிவிடும். அந்தக் குரல் வராதபோது என்ன செய்வது என்பதிலும், ராத்திரி கல்லாவைக் கட்டும்போதும்தான் சிக்கல்.

முதலில் கட்டணத்தைப் பார்த்துவிடலாம். வாடிக்கையாளர் தன் வங்கிக் கணக்கிலிருந்து யூ.பி.ஐ. மூலம் அனுப்பும் பணத்துக்குக் கடைக்காரரிடம் சதவீதக் கட்டணம் பிடிப்பதில்லை. ரூபே டெபிட் கார்டுக்கும் அப்படித்தான். 2020 ஜனவரி முதல் இது சட்டப்படியே இருக்கிறது. மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி 2018 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது. முந்தைய ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருக்கும் கடை என்றால், மிஷினில் தேய்க்கும் தொகையில் அதிகபட்சம் 0.40 சதவீதம். அதற்கு மேற்பட்ட கடைக்கு 0.90 சதவீதம். கிரெடிட் கார்டுக்கு இப்படி வரம்பு எதுவும் கிடையாது. வங்கியும் மிஷின் கம்பெனியும் சொல்வதுதான் விலை. இந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டவும் முடியாது. “கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா” என்று டெபிட் கார்டுக்காரரிடம் கேட்கும் கடை, ரிசர்வ் வங்கியின் உத்தரவை மீறுகிறது.

ஆனால் சின்ன சலூனைக் கடிப்பது சதவீதம் அல்ல, மாத வாடகை. மிஷின் விற்க வருகிற தம்பி சதவீதத்தைப் பற்றியே பேசுவார். வாடகையைக் கடைசியில், பையை மூடும்போது சொல்வார். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் கம்பெனி மிஷினுக்கு மாதம் 400 ரூபாய் வாடகை கேட்கிறது, கிரெடிட் கார்டுக்கு 1.75 சதவீதம். வாடகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 472 ரூபாய். இரண்டாவது கம்பெனி வாடகையே கேட்கவில்லை. கடைக்காரரின் போனிலேயே கார்டைத் தட்டி வாங்கும் செயலியைத் தருகிறது, ஆனால் 2.5 சதவீதம் பிடிக்கிறது. இந்த விகிதங்கள் உதாரணத்துக்காக நான் வைத்தவை. உங்களிடம் வருபவர் சொல்லும் எண்களை இதே இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

கடையில் மாதம் 20,000 ரூபாய் கிரெடிட் கார்டில் வருகிறது என்றால், முதல் கம்பெனிக்குக் கட்டணம் 350, வாடகை 472, ஆக 822 ரூபாய் போகும். இரண்டாவதுக்கு 500 ரூபாயோடு முடிந்துவிடும். இரண்டு கம்பெனிக்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு முக்கால் ரூபாய். அந்த முக்கால் ரூபாயைச் சேர்த்துச் சேர்த்து 472 ரூபாய் வாடகையை ஈடுகட்ட, மாதம் ஏறத்தாழ 63,000 ரூபாய்க்கு கிரெடிட் கார்டு ஓட வேண்டும். முடிவெட்டும் ஷேவிங்கும் மட்டும் செய்யும் மூன்று நாற்காலிக் கடையில் அவ்வளவு கார்டு ஓடாது. மணப்பெண் அலங்காரம், ஸ்ட்ரெயிட்டனிங் என்று பெரிய பில் போடும் பியூட்டி பார்லருக்கு அது சாதாரணம். குறைந்த சதவீதம் யாருக்கு லாபம் என்பதை முடிவு செய்வது இந்த ஓட்டம்தான்.

இந்தக் கணக்கில் சதவீதக் கட்டணத்தின் மேல் ஜி.எஸ்.டி. சேர்க்கவில்லை. காரணம், ஒரு தடவை தேய்ப்பது 2,000 ரூபாய்க்குள் இருந்தால் அந்தக் கட்டணத்துக்கு வரி விலக்கு உண்டு. சலூன் பில் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். அதேபோல, ரூபே கிரெடிட் கார்டை யூ.பி.ஐ.யில் இணைத்து வைத்திருப்பவர்கள் மிஷினே இல்லாமல் க்யூஆர் ஸ்கேன் செய்து கட்டலாம். சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரை அதற்கும் கட்டணம் கிடையாது. ஆனால் அதற்கு ஒட்டியிருப்பது வணிகர் க்யூஆராக இருக்க வேண்டும். கடைக்காரர் தன் சொந்த ஜிபே க்யூஆரைப் பிரின்ட் எடுத்து ஒட்டியிருந்தால் கிரெடிட் கார்டு பணம் ஏறாது. வாடிக்கையாளர் இரண்டு தடவை முயன்றுவிட்டு, “அப்புறம் தர்றேண்ணே” என்று கிளம்பிவிடுவார்.

இனி ராத்திரிக் கணக்கு. பல கடைகளில் நோட்டில் வெறும் தொகையை எழுதுகிறார்கள்: 150, 80, 200. அதோடு ஓர் எழுத்தைச் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. ரொக்கத்துக்கு ரொ, ஜிபே, போன்பே எல்லாவற்றுக்கும் ஜி, கார்டுக்கு கா. பக்கத்தில் யார் வெட்டினார் என்பதும், நேரமும். பாதிக்குப் பாதி பங்குக்கு ஆள் வேலை செய்யும் கடையில் அந்தப் பெயர் எப்படியும் வேண்டும். நேரம் எதற்கு என்பது பின்னால் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். கடையும் எண்களும் கற்பனை, சிக்கல் கற்பனை இல்லை. நோட்டில் மொத்த வேலை 11,250 ரூபாய். அதில் ஜி 6,480, கா 2,600, ரொ 2,170. காலையில் சில்லறைக்காகக் கல்லாவில் போட்டது 1,000. அன்று கல்லாவிலிருந்து எடுத்தது: டீக்கு 180, பிளேடுக்கும் டிஷ்யூவுக்கும் 320, ஒரு ஆளுக்கு அட்வான்ஸ் 500.

கடையை மூடும்போது உரிமையாளர் செயலியைத் திறக்கிறார். அன்றைய வரவு 6,430 என்று காட்டுகிறது. நோட்டில் 6,480. ஐம்பது ரூபாய்தானே குறைகிறது, எங்கோ மாற்றி எழுதியிருப்போம் என்று நோட்டை மூடிவிடத் தோன்றும். இந்த இடத்தில்தான் பணம் கைவிட்டுப் போகிறது.

காரணம் டிப்ஸ். முன்பு வாடிக்கையாளர் வெட்டியவர் கையில் பத்தோ இருபதோ திணித்துவிட்டுப் போவார், அது கல்லாவுக்கு வராது. இப்போது 200 ரூபாய் பில்லுக்கு 250 போட்டுவிட்டு, “மீதி தம்பிக்கு” என்கிறார். அந்த ஐம்பது கடைக் கணக்கில் ஏறுகிறது. அன்று அப்படி 150 ரூபாய் வந்திருந்தது. அதை உரிமையாளர் கல்லாவிலிருந்து ரொக்கமாக எடுத்து ஆட்களுக்குக் கொடுத்தும்விட்டார். ஆக, செயலியில் இருந்திருக்க வேண்டியது 6,480-ஓடு 150 சேர்த்து 6,630. வந்தது 6,430. குறைவது ஐம்பது அல்ல, 200. டிப்ஸ் அந்த ஓட்டையின் முக்கால் பாகத்தை மூடி மறைத்துவிட்டது.

கல்லாவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காலையில் போட்ட 1,000, ரொக்க வரவு 2,170, ஆக 3,170. அதில் டீ, பிளேடு, அட்வான்ஸ், டிப்ஸ் எல்லாம் 1,150 கழிந்தால் 2,020 இருக்க வேண்டும். எண்ணினால் சரியாக 2,020. ரொக்கத்தில் பிழை இல்லை என்பது உறுதி. ஜி என்று எழுதிய ஏதோ ஒரு வரியில்தான் பணம் வரவில்லை. இப்போது நோட்டில் எழுதிய நேரம் கைகொடுக்கும். செயலியின் பட்டியலை நேர வரிசையில் வைத்து ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டு வந்தால், மதியம் 1.15-க்கு எழுதிய 200 ரூபாய் கட்டிங்குக்கு மட்டும் ஜோடி இல்லை.

அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பணம் நடுவழியில் நின்றிருக்கும். வாடிக்கையாளர் போனில் ‘நிலுவை’ என்று காட்டியதை அவசரத்தில் யாரும் படிக்கவில்லை. அப்படிப்பட்ட பணம் கடைக்கு வராவிட்டால் அனுப்பியவர் கணக்குக்கே திரும்பிவிடும், அவர் மறுபடி அனுப்ப வேண்டும். தெரிந்த முகம் என்றால் அடுத்த தடவை கேட்டு வாங்கிவிடலாம். இரண்டு, வேறு க்யூஆரில் போயிருக்கும். பழைய வங்கியின் ஸ்டிக்கர் கண்ணாடி ஓரத்தில் இன்னும் ஒட்டியிருக்கும், அல்லது யாரோ இரவில் வந்து தன் க்யூஆரை மேலே ஒட்டியிருப்பார், அல்லது வேலைக்காரத் தம்பியின் நம்பருக்கு அனுப்பியிருப்பார்கள். மூன்று, போலிச் செயலி. பச்சை டிக்கும் பெயரும் தொகையும் அச்சு அசலாகக் காட்டும், ஆனால் ஒரு பைசாவும் நகர்ந்திருக்காது. நீட்டப்படும் போன் எதையும் நிரூபிக்காது. ஸ்பீக்கர் பேசினால் உண்டு, இல்லாவிட்டால் “சத்தம் வரலையே தம்பி, ஒரு நிமிஷம்” என்று சொல்ல வேண்டியதுதான். சிக்னல் இல்லாமல் பெட்டியும் சில சமயம் ஊமையாகும். அப்போது செயலியைத்தான் பார்க்க வேண்டும்.

கார்டு கணக்கு அன்றே முடியாது. மூடும்போது மிஷினில் செட்டில்மென்ட் போட்டு, வரும் சீட்டை நோட்டில் ஒட்டிவிடலாம். அந்த 2,600-இல் 1,800 கிரெடிட், 800 ரூபே டெபிட் என்று வையுங்கள். கிரெடிட்டுக்கு 2 சதவீதம் என்றால் 36 ரூபாய் கழிந்து, வங்கிக்கு 2,564 வரும். அதுவும் அடுத்த வேலை நாளில். வருமானம் என்று எழுத வேண்டியது 2,600-தான், 36 செலவு. வந்த தொகையை மட்டும் வருமானமாக எழுதினால் விற்றுமுதல் குறைவாகத் தெரியும், வங்கி எவ்வளவு பிடித்தது என்பதும் கண்ணில் படாது. சொன்னதைவிட அதிகம் பிடிக்கிறார்களா என்று கண்டுபிடிக்க இது ஒன்றே வழி. பல ஊர்களில் செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. வார வங்கி வரவை நோட்டோடு ஒப்பிட அந்த நாள் தோது. யூ.பி.ஐ. பணத்தையும் சில கம்பெனிகள் மொத்தமாக மறுநாள்தான் அனுப்புகின்றன. நள்ளிரவை ஒட்டி வந்தது அடுத்த நாள் தொகையில் சேரும் என்பதையும் கவனத்தில் வைக்க வேண்டும்.

வருமான வரியிலும் இந்த ரொ, ஜி, கா பிரிப்புக்கு வேலை இருக்கிறது. முழுக் கணக்கு வைக்காமல் அனுமானமாக லாபம் காட்டும் முறையில், ரொக்க வரவுக்கு 8 சதவீதமும் வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதமும் லாபமாகக் கொள்ளப்படுகிறது. மூன்று எழுத்தின் ஆண்டுக் கூட்டல் இருந்தால் ஆடிட்டருக்கு அரை மணி நேர வேலை. சேவைக்கு ஜி.எஸ்.டி. பதிவு 20 லட்சத்துக்கு மேல்தான். ஆனால் அந்த 20 லட்சத்தில் ரொக்கமும் சேரும், க்யூஆரில் வந்தது மட்டும் அல்ல. வீட்டுப் பணம், சீட்டுப் பணம், மச்சான் திருப்பிக் கொடுத்த கடன் எல்லாம் கடை க்யூஆருக்கே வந்தால், அதுவும் விற்பனை மாதிரியே தெரியும். பிரித்துக் காட்டும் பாடு கடைக்காரருக்கு.

கடைக்குத் தனியாக ஒரு கணக்கு வைக்க இன்னொரு காரணமும் உண்டு. யாரோ ஏமாற்றிச் சேர்த்த பணத்தில் 200 ரூபாயை உங்கள் கடையில் முடி வெட்டச் செலவழித்தால், சைபர் கிரைம் புகாரில் பணத்தின் தடத்தைப் பின்தொடரும் போலீஸ் கேட்டு, வங்கி உங்கள் கணக்கிலும் அந்தத் தொகையை முடக்கலாம். சில சமயம் கணக்கையே நிறுத்துகிறார்கள். மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அதே கணக்கு என்றால் வீடு தடுமாறிவிடும். வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் கடிதம் கொடுக்கும்போது, இன்ன தேதி, இன்ன நேரம், 200 ரூபாய், கட்டிங், வெட்டியவர் இன்னார் என்று நோட்டில் உள்ள வரியின் நகலை அத்துடன் இணைக்கலாம்.