விலையும் காலமும்: பங்குச் சந்தை வரிசையில் இடத்தின் பெறுமதி

பங்குச் சந்தையில் ஒரே விலைக்கு ஒரே பங்கை வாங்க இருவர் முன்வருவார்களாயின், முதலில் வாங்கும் உரிமை எவருக்குரியது? இன்று உலகின் பெரும்பாலான பங்குச் சந்தைகள் இவ்வினாவுக்கு ஒரே விடையையே தருகின்றன. கூடிய விலை கூறுபவர் முந்துவார். விலை சமமாயின் முதலில் வந்தவர் முந்துவார். இதனை விலை-கால முன்னுரிமை விதி என்பர். முதல் நோக்கில் இதனிலும் நேரிய விதி இருத்தல் அரிது. ஆளைப் பார்ப்பதில்லை, குலத்தையும் செல்வத்தையும் கேட்பதில்லை. எனினும் இவ்விதி செயற்படும் களத்தை நாம் நுணுகி நோக்கும்போது, சமத்துவமான ஒரு விதி சமத்துவமற்ற விளைவுகளை எவ்வாறு பிறப்பிக்கின்றது என்பது புலனாகின்றது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விதியை நடைமுறைப்படுத்துவது ஒரு கணனி நிரல். வாங்குவோர், விற்போர் ஆகிய இருசாராரின் கட்டளைகளையும் பெற்று ஒன்றோடொன்று பொருத்துவதால் அதனைப் பொருத்துபொறி எனலாம். இத்தகைய பொறியின் வரலாற்றில் எமது நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. 1996 இல் இலங்கையில் தொடங்கப்பட்ட மிலேனியம் ஐ.டி. என்னும் நிறுவனத்தை 2009 இல் இலண்டன் பங்குச் சந்தைக் குழுமம் வாங்கியது. அந்நிறுவனம் ஆக்கிய பொறியே 2011 பெப்ரவரியில் இலண்டன் பங்குச் சந்தையின் பிரதான வணிகத்தை ஏற்றது. எனவே இலண்டனையே நாம் உதாரணக் களமாகக் கொள்வோம்.

பொருத்துபொறிக்கு வரும் கட்டளைகள் அடிப்படையில் இருவகைப்படும். கிடைக்கும் விலைக்கு உடனே வாங்கவோ விற்கவோ கூறுவது சந்தைவிலைக் கட்டளை. இன்ன விலைக்கு மேல் வாங்கேன், இன்ன விலைக்குக் கீழ் விற்கேன் என எல்லை வகுப்பது வரையறைக் கட்டளை. வரையறைக் கட்டளைக்கு உடனே எதிர்த்தரப்புக் கிடைக்காவிடின் அது பதிவேட்டில் காத்திருக்கும். காத்திருக்கும் கட்டளைகள் விலைவாரியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு விலையிலும் வந்த ஒழுங்கின்படி நிரைப்படுத்தப்படுகின்றன. வரிசை என்னும் பிரச்சினை இங்கேதான் தோன்றுகின்றது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்டவை. ஒரு பங்கை 500 பென்சுக்கு வாங்கச் சிலர் காத்திருக்கின்றனர். 501 பென்சுக்கு விற்கச் சிலர் காத்திருக்கின்றனர். விலை ஒரு பென்சுப் படிகளாகவே கூறப்படலாம் என்பது விதி. 500 பென்சு வரிசையில் முதலில் நிற்கும் அ 3,000 பங்குகளையும், அடுத்து நிற்கும் ஆ 5,000 பங்குகளையும், அதற்கடுத்த இ 2,000 பங்குகளையும் கேட்டுள்ளனர். இறுதியில் வந்த ஈ 1,000 பங்குகளைக் கேட்கின்றார். ஈக்கு முன்னால் 10,000 பங்குகள் நிற்கின்றன.

இப்பொழுது 4,000 பங்குகளை உடனே விற்கும் கட்டளையொன்று வருகின்றது. பொறி அ கேட்ட 3,000 பங்குகளையும் அவருக்குக் கொடுத்து, எஞ்சிய 1,000 பங்குகளை ஆவுக்குக் கொடுக்கும். ஆவுக்கு இன்னும் 4,000 வேண்டும். ஈக்கு முன்னால் நிற்பது 6,000 ஆகக் குறைந்துவிட்டது. அடுத்த கணம் இ தமது கட்டளையை மீளப் பெற்றுக்கொள்கின்றார். ஈக்கு முன்னால் 4,000 மட்டுமே எஞ்சுகின்றது. வாணிபம் எதுவும் நிகழாமலே வரிசை நகர்ந்தமை கவனிக்கத்தக்கது. இதற்கிடையில் 6,000 பங்குகள் கேட்டு உ என்பவர் ஈக்குப் பின்னால் வந்து சேர்கின்றார்.

இந்நிலையில் ஈ தமது 1,000 பங்குகளை 1,500 ஆக உயர்த்த விரும்பினால் என்னவாகும்? தொகையைக் கூட்டினாலோ விலையை மாற்றினாலோ பழைய இடம் பறிபோகும் என்பது பொதுவான விதி. ஈயின் கட்டளை முழுவதும் உவுக்குப் பின்னால் தள்ளப்படும். அவருக்கு முன்னால் 4,000 உம் 6,000 உமாக மீண்டும் 10,000 பங்குகள் நிற்கும். பெற்ற முன்னேற்றம் முழுவதும் ஒரு திருத்தத்தால் அழிந்துவிடும். தொழிலறிந்தவர் இவ்வாறு செய்யார்; முதற் கட்டளையை அப்படியே விட்டு, மேலதிகமான 500 பங்குகளுக்கு வேறொரு கட்டளையை அனுப்புவார். மறுதலையாக, தொகையை 600 ஆகக் குறைத்தால் இடம் பறிபோவதில்லை. பின்னால் நிற்பவர் எவருக்கும் அதனாற் பாதகமில்லை என்பதே காரணம்.

ஈ தமக்கு முன் நிற்பவர்களை விலையால் முந்த இயலாதா என்ற வினா எழலாம். 500 க்கும் 501 க்கும் இடையில் வேறு விலை இல்லை. 501 கூறினால் விற்கக் காத்திருப்பவரோடு உடனே பொருத்தப்பட்டுவிடும். அது காத்திருந்து மலிவாக வாங்குவது ஆகாது. ஆகவே வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி ஒரு படியாகச் சுருங்கிய நிலையில் விலைப் போட்டிக்கு இடமில்லை. காலப் போட்டி ஒன்றே எஞ்சுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இதற்குச் சான்று. அங்கு 1997 முதல் விலைப்படி ஒரு டொலரின் பதினாறில் ஒரு பங்காக, அதாவது 6.25 சதமாக இருந்தது. 2001 இல் அது ஒரு சதமாயிற்று. முன்னர் வரிசையை விலையால் முந்த 6.25 சதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னர் ஒரு சதமே போதுமானதாயிற்று. படி பெரிதாயின் வரிசை நீளும். வரிசை நீள இடத்தின் பெறுமதியும் கூடும்.

இப்பெறுமதி எங்கிருந்து வருகின்றது? முன்னால் நிற்பவர் விரைவில் வாங்குவார் என்பது பாதி விடையே. மறுபாதியே முக்கியமானது. வரிசையின் தலையில் நிற்கும் ஒருவரையும் கடையில் நிற்கும் ஒருவரையும் ஒப்பிடுவோம். வாங்கும் விலை 500, விற்கும் விலை 501 ஆகையால், பங்கின் அப்போதைய பெறுமதியை நடுவிலையான 500.5 எனக் கொள்ளலாம். சந்தைக்கு வரும் பத்து விற்பனைகளுள் ஏழு, பணத்தேவையால் விற்போரின் சிறு விற்பனைகள் என்க. அவை தலையில் நிற்பவரோடு தீர்ந்துவிடுகின்றன; விலை மாறுவதில்லை. 500.5 பெறுமதியுள்ளதை 500 க்கு வாங்கியதால் அவருக்குப் பங்கொன்றுக்கு அரைப் பென்சு ஆதாயம். ஏனைய மூன்றும் கெட்ட செய்தியை அறிந்தோரின் பெரு விற்பனைகள். அவை வரிசை முழுவதையும் விழுங்கிவிட, விலை 499 க்கும் 500 க்கும் இறங்கி நடுவிலை 499.5 ஆகின்றது. அப்பொழுது தலையில் நின்றவருக்கும் கடையில் நின்றவருக்கும் அரைப் பென்சு நட்டம்.

கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். தலையில் நின்றவர் ஏழு முறை பெற்றது 3.5 பென்சு; மூன்று முறை இழந்தது 1.5 பென்சு, எஞ்சியது 2 பென்சு ஆதாயம். கடையில் நின்றவருக்கு அந்த ஏழு முறையும் ஒன்றும் கிடைப்பதில்லை; மூன்று முறை மட்டுமே பங்கு கிடைக்கின்றது; அம்மூன்றும் நட்டமே. அவர் கணக்கு 1.5 பென்சு இழப்பில் முடிகின்றது. இருவரும் கூறிய விலை ஒன்று. வாங்கிய பொருள் ஒன்று. நின்ற இடமே வேறு. 2022 இல் எமது நாட்டில் எரிபொருளுக்கு வரிசையில் நின்றோரை நாம் மறந்திரோம். அங்கு கடைசியில் நின்றவர் வெறுங்கையோடு திரும்பினார். பங்குச் சந்தை வரிசையிலோ கடைசியில் நிற்பவருக்குப் பொருள் கிடைப்பதுண்டு. பெரும்பாலும் அப்பொருள் பெறுமதி இழக்கும் வேளையிலேயே கிடைக்கின்றது.

முன்னால் நிற்பவருக்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. கெட்ட செய்தி வருவதை உணர்ந்தவுடன் அவர் வரிசையை விட்டு விலகலாம். விலகுவதற்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. ஆனால் அவரது விலகற் செய்தி, விற்போரின் கட்டளைக்கு முன்னர் பொறியை அடைய வேண்டும். பொறி ஒவ்வொரு பங்குக்கும் வரும் செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாகவே ஏற்கும். ஒரே கணத்தில் வந்தவை என்று அதற்கு எவையுமில்லை. இங்கேதான் வேகப் போட்டி கருக்கொள்கின்றது.

அப்போட்டியை இலண்டன் பங்குச் சந்தையிலேயே அளந்து பார்த்தனர் அக்விலினா, புடிஷ், ஓநீல் என்னும் மூவர். 2015 ஆம் ஆண்டின் செய்திப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட அவர்தம் ஆய்வு 2022 இல் வெளியாயிற்று. முன்னணி நூறு கம்பனிகளின் பங்குகளில், பங்கொன்றுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு போட்டி நிகழ்ந்தது. வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையிலான வேறுபாடு, மிகப் பெரும்பான்மையாகக் காணப்பட்ட அளவில், ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஐந்து முதல் பத்துப் பங்கே. வணிகத்தின் அளவில் ஏறக்குறைய 20 வீதம் இத்தகைய போட்டிகளில் நடந்தது. வெற்றி தோல்விகளில் 80 வீதத்துக்கு மேல் ஆறே நிறுவனங்களைச் சார்ந்தன. ஓய்வூதிய நிதியொன்றோ சிறு முதலீட்டாளரோ இக்கால அளவில் போட்டியிடுதல் இயலாது. அவர்கள் வரிசையின் கடையில் நிற்கலாம். அல்லது இடைவெளியைக் கொடுத்து உடனே வாங்கலாம். இரண்டிற்கும் விலையுண்டு.

தாம் வரிசையில் எங்கு நிற்கிறோம் என்பதை அறிவதும் எல்லோர்க்கும் ஒருபடித்தாக வாய்ப்பதில்லை. ஒவ்வொரு கட்டளையையும் தனித்தனியே காட்டும் தரவு பெறுபவர் தமது இடத்தை எண்ணிக் கூறலாம். ஒவ்வொரு விலையிலும் உள்ள மொத்தத் தொகையை மட்டும் காண்பவருக்கு அது ஊகமே. மேற்கூறிய எடுத்துக்காட்டில் 2,000 பங்குகள் மறைந்தமை அவருக்குத் தெரியும். அவை தமக்கு முன்னால் நின்றவையா, பின்னால் நின்றவையா என்பது தெரியாது.

காலத்துக்குப் பதிலாக வேறு விதிகளும் உண்டு. சிக்காகோவின் சில வட்டிவீத ஒப்பந்தச் சந்தைகளில், ஒரே விலையில் நிற்போருக்கு அவரவர் கேட்ட தொகையின் விகிதப்படி பகிர்ந்தளிக்கும் முறை கையாளப்பட்டுள்ளது. அங்கு வேகத்தின் முக்கியத்துவம் குறைகின்றது; ஆனால் வேண்டியதற்கு மேலாகப் பன்மடங்கு கேட்கும் வழக்கம் வளர்கின்றது. வேகம் இருந்த ஆசனத்தில் பண பலம் அமர்கின்றது. 2015 இல் புடிஷ், கிராம்ரன், ஷிம் ஆகியோர் வேறொரு வழியை முன்வைத்தனர். குறுகிய இடைவெளிகளில் கட்டளைகளைத் திரட்டி ஏலமாக ஒரே விலையில் தீர்த்தல் அது. ஓர் இடைவெளிக்குள் வந்த எல்லாக் கட்டளைகளும் காலத்தால் சமமானவை. அப்பொழுது நுண்கணங்களால் முந்துவோர் பெறும் ஆதாயம் வலுவிழந்து, விலைப் போட்டி மீண்டும் முன்வருகின்றது.

முதலில் வந்தவருக்கே முதலிடம் என்னும் விதி, எல்லோரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நடந்துவரும் உலகில் நீதியானது. வருகையின் வேகமே விலைகொடுத்து வாங்கப்படும் பண்டமாகிவிட்ட உலகில், அதே விதி அப்பண்டத்தை வாங்க வல்லவர்க்கே வரிசையின் தலையை வழங்குகின்றது. விதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. காலத்தை எத்துணை நுணுக்கமாக அளப்பது, விலைப்படியை எத்துணை பெரிதாக வைப்பது என்னும் இரு முடிவுகளே அதன் பயனை மாற்றிவிடுகின்றன. இவ்விரண்டும் பொறியின் இயல்புகள் அல்ல. சந்தையை நடத்துவோரும் அதனை ஒழுங்குபடுத்துவோரும் எடுக்கும் தீர்மானங்கள். ஆதலின் அவை பொது விவாதத்துக்கு உரியவை என்பதே எமது துணிபு.