பாட்டியின் எம்.எஸ். நீலம்

பேத்தி நீட்டிய வண்ணப்படத்தில் பாட்டி அரக்குப் புடவையில் இருந்தார். "இது என் புடவை இல்லடி" என்றார். 1962இல் காஞ்சிபுரத்தில் எடுத்த கல்யாணப் பட்டு, எம்.எஸ். நீலம்.

கறுப்பு வெள்ளை பிலிம் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே பதியும். அடர்நீலமும் அரக்கும் அதில் ஒரே சாம்பலாக விழலாம். மணப்பெண் என்றதும் மென்பொருள் சிவப்பை ஊகித்துவிட்டது.

பாட்டி டிரங்குப் பெட்டியிலிருந்து முந்தானைத் துண்டை எடுத்தார். மேலே மங்கல், மடிப்புக்குள் நிறம் அப்படியே இருந்தது. பேத்தி அதை நேர்வெயில் படாத ஜன்னலோரம் படமெடுத்து, அந்த நீலத்தைத் தனி அடுக்காக, பழைய ஒளி நிழல் கெடாமல் புடவையில் ஏற்றினாள். ஜரிகை முழுக்க மஞ்சள் பூசினால் பித்தளைபோல் ஆகிவிடும். மினுங்கும் இடங்களை வெளிறலாகவே விட்டாள்.

பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஆமா, இதேதான். எங்கப்பா பிடிவாதமா எடுத்துக் குடுத்தது."