ஊசிக்குத்து சொல்லாத சேதி
சிறிய அறுவைக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனையைவிட, நோயாளி சொல்லும் பழைய கதைதான் ஆபத்தைச் சரியாகக் காட்டுகிறது

பெங்களூரின் ஒக்கலிபுரமானாலும் சரி, மதுரைப் பக்கத்து உசிலம்பட்டியானாலும் சரி, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கவோ கொழுப்புக் கட்டியை அகற்றவோ போகிறவர் கையில் ஒரு சீட்டு கிடைப்பது பல இடங்களில் வழக்கம். "பி.டி., சி.டி. பார்த்துட்டு வந்துடுங்க."

பரிசோதனைக் கூடத்தில் விரல் நுனியிலோ காது மடலிலோ ஒரு குத்து. அரை நிமிடத்துக்கு ஒருமுறை வடிதாளால் ஒற்றுகிறார்கள். தாளில் கறை படிவது எப்போது நிற்கிறதோ, அதுவே பி.டி., அதாவது ரத்தக் கசிவு நேரம். அடுத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்துப் பார்க்கிறார்கள். ஒடிந்த இரு துண்டுகளுக்கிடையே நூல் போல ஓர் இழை தெரிந்தால் ரத்தம் உறைந்துவிட்டதாகப் பொருள். அதுதான் சி.டி., உறைவு நேரம். இரண்டும் 'நார்மல்' என்றால் எல்லோருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதிக்கு ஆதாரம் குறைவு. ரத்தம் நிற்பது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் தட்டணுக்கள் ஓடிவந்து காயத்தின் வாயைத் தற்காலிகமாக அடைக்கின்றன. பிறகு, உறைவுக் காரணிகள் எனப்படும் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி, அந்த அடைப்பின்மேல் உறுதியான வலையைப் பின்னுகின்றன. ஊசிக்குத்து போன்ற சின்னக் காயத்துக்கு முதல் கட்டமே போதும். பல் பிடுங்கிய குழிக்குப் போதாது.

லேசான ஹீமோபிலியா உள்ள ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். எட்டாம் காரணி அவரிடம் இருக்க வேண்டிய அளவில் 15 சதவீதம்தான் இருக்கிறது. தட்டணுக்களில் குறையில்லை, எனவே பி.டி. சரியாகவே வரும். கண்ணாடிக் குழாய் ரத்தம் உறைவதற்கு அந்தக் காரணி ஓரிரு சதவீதம் இருந்தாலே போதும்; ஆகவே சி.டி.யும் சரியாகவே வரும். பல்லைப் பிடுங்கியதும் பஞ்சைக் கடித்தபடி வீட்டுக்குப் போவார். சில மணி நேரத்தில் தற்காலிக அடைப்பு கழன்றுகொள்ள, நள்ளிரவில் தலையணை நனையும்.

இதை முன்கூட்டியே அறிய வழி உண்டு. சின்ன வயதில் உதடு கிழிந்தபோது நின்ற ரத்தம் மறுநாள் திரும்பவும் வந்ததா? தாய்மாமன் யாருக்காவது இப்படி ஆனதுண்டா? இந்த இரண்டு கேள்விகள் காட்டிக் கொடுத்திருக்கும்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அமெரிக்க ரயில்வே ஊழியர் ஜான் ஹேகமனுக்கு, 1950களில் அறுவைக்கு முந்தைய வழக்கமான பரிசோதனையில் ரத்தம் உறைய மிக நீண்ட நேரம் பிடித்தது. ஆனால் அதுவரை அவருக்கு அளவுக்கு மீறி ரத்தம் போனதே இல்லை. ஆஸ்கர் ராட்னாஃப் என்ற மருத்துவர் ஆராய்ந்ததில், இன்று பன்னிரண்டாம் காரணி எனப்படும் புரதம் அவரிடம் இல்லை என்பது தெரிந்தது. கண்ணாடியில் ரத்தம் உறைய அது தேவை. உடம்புக்குள் ரத்தக் கசிவை நிறுத்தத் தேவையில்லை. 1968இல் விபத்தில் எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த ஹேகமன், நுரையீரல் ரத்தக் குழாயை ரத்தக்கட்டி அடைத்து இறந்தார்.

பி.டி.யை 1910இல் வகுத்த வில்லியம் டியூக், தட்டணு குறைந்து ஏற்கெனவே ரத்தம் கசிந்துகொண்டிருந்த நோயாளிகளை ஆராய்ந்தவர். அதே சோதனையை எல்லோருக்கும் செய்தால் குழப்பம்தான். பரிசோதனைகளின் 'நார்மல்' எல்லை, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினரை உள்ளடக்குமாறு வகுக்கப்படுவது வழக்கம். அப்படியானால் 40 பேரில் ஒருவர், எந்த நோயும் இல்லாமலே மேல் எல்லையைத் தாண்டுவார். பயமும் மறுபரிசோதனையும் தள்ளிப்போன அறுவையும்தான் மிச்சம்.

ரத்தக் கசிவுக் கோளாறின் அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு, அறுவையின்போது ரத்தம் கொட்டுமா என்பதை பி.டி. முன்னறிவிக்காது என்று அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணர் அமைப்புகள் 1998இல் அறிவித்தன. உறைவுப் பரிசோதனைகளை எல்லோருக்கும் கண்மூடித்தனமாகச் செய்ய வேண்டாம், ரத்தக் கசிவு வரலாற்றை எல்லோரிடமும் கேளுங்கள் என்றது 2008இல் வெளியான பிரிட்டிஷ் நெறிமுறை.

கேட்பதிலும் முறை இருக்கிறது. "ரத்தம் ஏதாவது அதிகமா போகுமா?" என்றால் "இல்லீங்க" என்றே பதில் வரும். முன்பு பல் பிடுங்கியபோது எத்தனை நேரம் கசிந்தது, திரும்ப வைத்தியரிடம் ஓட வேண்டி வந்ததா, மூக்கில் வழியும் ரத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் நீடிக்குமா, மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டுமா, பிரசவத்தின்போது ரத்தம் ஏற்றினார்களா என்று நிகழ்ச்சிகளாகக் கேட்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறாரா என்பதும் முக்கியம். ஆனால் அவற்றை நோயாளி தானாக நிறுத்தக்கூடாது.

இந்த வரலாற்றுக்கும் எல்லை உண்டு. இதுவரை பல்லே பிடுங்காத, காயமே படாத குழந்தைக்குச் சொல்ல எந்தக் கதையும் இல்லை; அங்கே குடும்பக் கதையைத்தான் கேட்க வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவருக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கும் உரிய பரிசோதனைகள் தேவை. பழைய கதையில் சந்தேகம் எழுந்தாலோ, பி.டி., சி.டி. சரியாக இருந்தாலும் விட்டுவிடக்கூடாது. அந்த நோயாளி, காரணிகளைத் தனித்தனியே அளக்கும் வசதியுள்ள ரத்தநோய்ப் பிரிவுக்குப் போக வேண்டும். அதுவரை பல் காத்திருக்கலாம்.